இலைக் கணக்கு

நன்கொடை கொடுத்தவருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் கஷ்டமான வரி முதல் வரி அல்ல. "அன்புடையீர்" என்று தொடங்கி, இறைவன் அருளால் என்று நாலு வார்த்தை போட்டால் முதல் பத்தி தானாக ஓடிவிடும். கஷ்டம் இரண்டாவது பத்தியில், "தங்கள் தொகையில் இத்தனை பேர் பசியாறினார்கள்" என்று எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த "இத்தனை"யை எங்கிருந்து எடுப்பது?

சேத்தியாத்தோப்பில் ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் பக்திச் சேனல் நடத்துகிறார். கோயில் வரலாறு, பிரதோஷ நேரலை, திருவருட்பா பாட்டு என்று ஓடும். அதற்கு ஓர் அறக்கட்டளை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை தைப்பூசத்தை ஒட்டி நிதி திரட்டுவார்கள். ரசீது போடுவது, கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது என் வேலை. சேனல்காரரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்களில் தெற்கிலிருந்து நடந்து வருகிறவர்கள் வெள்ளாற்றைத் தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். ஜோதி பார்க்க அங்கே ஏழு திரை விலகும். அதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து விடியற்காலை வரை இந்த ரோட்டில் கால் வலிக்கிற கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, அங்கே போய்விட்டால் சோறு உண்டு. வழியில் பசிப்பவர்களுக்குத்தான் எங்கள் பந்தல்.

2025 பூசம் பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை. அதற்கு மூன்று வாரம் முன்னால் நெய்வேலியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஐம்பதாயிரம் ரூபாய் வங்கி வழியாக அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: "அன்னதானத்துக்கு மட்டும். என் பெயரை வீடியோவில் சொல்ல வேண்டாம். எப்படிச் செலவானது என்று ஒரு கடிதம் போதும்." மூன்றே வாக்கியம். கடைசி வாக்கியம் எனக்கு வந்தது.

பூசம் முடிந்த மறுநாளே அண்ணன் வீடியோ போட்டுவிட்டார். "ஒரு அன்பர் உபயத்துல இரண்டாயிரம் பேருக்கு அன்னதானம்." எனக்கும் போன் வந்தது. "தம்பி, லெட்டர்லயும் இரண்டாயிரம்னே போட்டுடு."

சமையல் மாஸ்டரிடம் போனேன். அவர் தட்டையும் இலை என்றுதான் சொல்வார். "எலையை எண்ணுங்க. ஆள எண்ணாதீங்க, ஆளு நிக்க மாட்டான்" என்றார். கூட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற எண் எப்போதும் பெருகும். இரவில் இன்னும் பெருகும். தட்டு அப்படிப் பெருகாது. இருபத்தைந்து அடங்கிய பாக்குமட்டைக் கட்டு நாற்பத்தெட்டு வாங்கினோம், மொத்தம் 1,200. மிஞ்சியது பிரிக்காத ஆறு கட்டும், பிரித்ததில் நாலும். ஆக 1,046 தட்டு போயிருக்கிறது. ரெண்டு தடவை வாங்கினவர்கள் உண்டு, ஒரே தட்டில் குழந்தையோடு சாப்பிட்டவர்களும் உண்டு. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் என்றால் அது நேர்மையான எண்.

அதை இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். நூறு கிலோ அரிசி, அதாவது நாலு சிப்பம். சாம்பார் சாதத்துக்கு முப்பது கிலோ துவரம்பருப்பு. பருப்பும் காயும் சேரும்போது ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். நடந்து வந்தவன் கொஞ்சம் கூடவே சாப்பிடுவான். நூறு கிலோவுக்கு ஆயிரம் சரி. இரண்டாயிரம் என்றால் கிலோவுக்கு இருபது பேர். அது சாப்பாடு இல்லை, பிரசாதம்.

அப்படியானால் இரண்டாயிரம் எங்கிருந்து வந்தது? நிதி கேட்ட விளம்பரத்தில் "25 ரூபாயில் ஒருவர் பசியாற்றலாம்" என்று இருந்தது. ஐம்பதாயிரத்தை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். அண்ணன் பொய் சொல்லவில்லை. அடுப்பு மூட்டும் முன்பே விடை தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இருபத்தைந்தில் என்ன விட்டுப்போயிற்று என்பது செலவைப் பார்த்தால் தெரியும். அரிசி, பருப்பு, காய், எண்ணெய், மசாலா எல்லாம் சேர்ந்து 18,900. தட்டு 4,200. இது வரைக்கும் ஒரு தட்டுக்கு இருபத்திரண்டு ரூபாய்தான், விளம்பரம் சரி. ஆனால் மாஸ்டருக்கும் உதவியாட்களுக்கும் கூலி 8,000, ரெண்டு பெரிய கேஸ் சிலிண்டர் 3,800, குடிதண்ணீர் கேன் 750, பாத்திர வாடகை, பந்தல், வேன் 5,500. மொத்தம் 41,150. ஒரு தட்டு முப்பத்தொன்பது ரூபாய் சொச்சம். கூலியையும் கேஸையும் "நிர்வாகச் செலவு" என்று தனியாக ஒதுக்கிச் சாப்பாட்டு விலையைக் குறைத்துக் காட்டுகிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. சோறு தானாக வேகிறதா என்ன?

மீதி 8,850. இதுதான் உண்மையில் கூச்சமான இடம். அண்ணன் ஒரு புது மைக் வாங்க நினைத்திருந்தார். "சேனல் இருந்தாதானே தம்பி நாளைக்கு அன்னதானம்?" அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுத்தவர் "மட்டும்" என்று எழுதியிருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டில் நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுத்தால், ஆடு யார் பொறுப்பில், தினம் உழக்கு நெய் யார் அளக்க வேண்டும் என்பதுவரை வெட்டி வைத்திருப்பார்கள். ஆட்டை மேய்ப்பவன் பாலைக் குடித்துக்கொள்ளலாம், நெய்யை வேறு விளக்குக்கு ஊற்ற முடியாது. வேறு விளக்கு வேண்டுமானால் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, கேட்டு எழுது" என்றார். இரண்டாயிரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் ஒன்றரைப் பக்கம். நடுப்பகுதி இது:

"ஐயா, தாங்கள் அனுப்பிய ரூ. 50,000-ல் ரூ. 41,150 செலவாயிற்று. விவரமும் பில் நகல்களும் இணைப்பில். பரிமாறிய தட்டுகள் 1,046. காணொளியில் கூறப்பட்ட எண்ணிக்கை உத்தேசமானது. தட்டுக் கணக்கையே தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு சாப்பாட்டின் முழுச் செலவு சுமார் ரூ. 39. மீதி ரூ. 8,850 வங்கிக் கணக்கில் உள்ளது. அதை அமாவாசை அன்னதானத்துக்குப் பயன்படுத்தலாமா, திருப்பி அனுப்ப வேண்டுமா, வேறு விருப்பம் உண்டா என்று தெரிவிக்கவும்."

படம் என்று காலிப் பாத்திரங்களையும் பில்களையும்தான் வைத்தேன். கையேந்தி நிற்கிற கிழவியின் முகத்தை அனுப்பினால் உருக்கமாக இருக்கும். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லையே. வருமான வரிக்கான 80ஜி சான்றிதழ் தனி விஷயம். எங்கள் நன்றிக் கடிதத்தை ஆடிட்டரிடம் காட்டிப் பயனில்லை. கொடுத்தவரின் பான் எண்ணோடு அறக்கட்டளை மே 31-க்குள் 10பிடி படிவம் தாக்கல் செய்து, அதிலிருந்து இறங்கும் 10பிஇ சான்றிதழ்தான் 2025-ல் செல்லுபடியாயிற்று. அதனால் கடிதத்தின் அடியில் பான் எண்ணைக் கேட்டிருந்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் சலுகையே கிடைத்திருக்காது. அவர் வங்கியில் போட்டது நல்லதாயிற்று.

பத்து நாள் கழித்து இன்லேண்ட் லெட்டரில் பதில் வந்தது. பான் எண், அதற்குக் கீழே: "முப்பத்தொன்பது என்று இப்போதுதான் தெரிகிறது. மீதியை அமாவாசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தட்டு என்று எழுதுங்கள்."

அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த விளம்பரத்தில் "40 ரூபாய்" என்று வந்தது. அந்த மாதம் வசூல் கொஞ்சம் குறைந்தது. அமாவாசைக்கு 212 தட்டு போயிற்று; எழுதிப் போட்டேன்.