இரண்டின் வர்க்கமூலம், ஐம்பது தசம இலக்கம் வரை



2-இன் வர்க்கமூலம் என்ன என்று கேட்டால் உங்களில் பலர் இன்றும் 1.414 என்று சட்டென்று சொல்வீர்கள். கால்குலேட்டரைத் தட்டினால் இன்னும் சில இலக்கங்கள் வரும். ஐம்பது தசம இலக்கம் வேண்டும், கடைசி இலக்கம் வரை தப்பு இருக்கக்கூடாது என்றால் எப்படிப் போடுவது?

இதை எழுதத் தூண்டியது ஒரு போன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர். அவர் மகள் இப்போது பிளஸ் டூ. அந்தப் பெண் பைத்தானில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். 2-க்கு ஐம்பது இலக்கமும் அழகாக வந்துவிட்டது. அதே புரோகிராமில் 99-ஐக் கொடுத்தால் அது நிற்கவே இல்லை. "சார், சூத்திரம் தப்பா, லேப்டாப் தப்பா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. தப்பு எங்கே என்று காட்ட முதலிலிருந்து சொல்கிறேன்.

வகுப்பில் நாம் போட்டது நீள் வகுத்தல் முறை. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து மேலே கோடு போடுவோமே, அதுதான். அதில் ஒரு சுற்றுக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். ஐம்பது இலக்கத்துக்கு ஐம்பது சுற்று. நடுவில் ஓர் இலக்கம் தவறினால் அதற்குப் பின் வருவதெல்லாம் பாழ்.

இன்னொரு முறை, வகுத்துச் சராசரி எடுப்பது. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹீரோன் 720-க்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். 27-இன் வர்க்கம் 729, அது கிட்டத்தில் இருக்கிறது. 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26 2/3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 26 5/6. இதன் வர்க்கம் 720 1/36. ஒரே சுற்றில் இவ்வளவு நெருங்கிவிட்டது.

ஏன் நெருங்குகிறது? 720 சதுர அடியில் ஒரு செவ்வக மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 27 அடி என்றால் மறுபக்கம் 26 2/3 அடி. சதுரமாக இருந்தால் வரவேண்டிய பக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். சராசரி எடுப்பதால் மனை இன்னும் சதுரத்தை ஒட்டி வருகிறது. ஆனால் சராசரி உண்மையான பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், குறையாது. இந்த "எப்போதும் மேலே" என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2-க்கு 3/2-இல் தொடங்கினால் அடுத்தது 17/12, அதற்கடுத்தது 577/408. நம் சுல்ப சூத்திரங்களில் 2-இன் மூலத்துக்குச் சொல்லியிருக்கும் மதிப்பைக் கூட்டிப் பார்த்தாலும் இதே 577/408 வரும். அடுத்த சுற்றில் 665857/470832. பின்னமாகவே போனால் சுற்றுக்குச் சுற்று எண்களின் நீளம் இரட்டிப்பாகிறது. தசமமாகப் போட்டாலோ எங்கே வெட்டுவது என்ற தொல்லை. கம்ப்யூட்டரின் சாதாரண தசம எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கம்தான் நம்பிக்கைக்குரியது. ஐம்பது இலக்கம் காட்டு என்றால் 1.4142135623730951454... என்று காட்டும். உண்மை விடை 1.4142135623730950488... முதல் 16 இலக்கத்துக்குப் பிறகு வருவதை நம்ப முடியாது.

இதற்கு வழி, புள்ளியையே விட்டுவிடுவது. 2-ஐ 10^100-ஆல் பெருக்குங்கள். மூலம் எடுக்கும்போது பூஜ்யங்கள் பாதியாகும். ஆகவே 2 × 10^100-இன் மூலத்தில் முழு எண் பகுதி எதுவோ, அதுதான் நமக்கு வேண்டிய ஐம்பது இலக்கம். முதல் 1-க்குப் பிறகு புள்ளி வைத்தால் போதும். பூஜ்யங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 101 பூஜ்யம் போட்டால் விடை 44721... என்று தொடங்கும். அது 20-இன் மூலம். 1414 என்று தொடங்காவிட்டால் பூஜ்யத்தை எண்ணிப் பாருங்கள்.

பத்து இலக்கத்துக்குக் கையால் போட்டுக் காட்டுகிறேன். எண் 2 × 10^20. தொடக்கம் 1.5, அதாவது 15000000000. வகுத்தலில் ஈவு மட்டும் எடுக்கிறோம், மீதியைத் தள்ளிவிடுகிறோம். பாதியாக்கும்போதும் அப்படியே.

முதல் சுற்று: ஈவு 13333333333. கூட்டிப் பாதியாக்கினால் 14166666666.
இரண்டாம் சுற்று: ஈவு 14117647059. சராசரி 14142156862.
மூன்றாம் சுற்று: ஈவு 14142114385. சராசரி 14142135623.
நான்காம் சுற்று: ஈவு 14142135624. சராசரி மறுபடியும் 14142135623.

எண் இனி குறையவில்லை. நிறுத்திவிடலாம். விடை 1.4142135623. முதலில் 1 மட்டும் சரி, அடுத்து 1.41, அடுத்து 1.41421, அடுத்து பத்து தசமமும் சரி. ஒரு சுற்றில் இருக்கும் பிழையை வர்க்கப்படுத்தி, மூலத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய அடுத்த சுற்றின் பிழை. ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. சரியான இலக்கங்கள் இரட்டிப்பாவது இதனால்தான். ஐம்பது இலக்கத்துக்கு ஆறு சுற்று, உறுதி செய்ய ஏழாவது. ஆயிரம் இலக்கத்துக்கும் பத்து சுற்றும் உறுதிக்கு ஒன்றும் போதும்.

மீதியைத் தள்ளிக்கொண்டே போனால் விடை கெட்டுவிடாதா? கெடாது. சராசரி உண்மை மூலத்துக்குக் கீழே போகாது என்று சொன்னேன் அல்லவா? மீதியைத் தள்ளினாலும் அது மூலத்தின் முழு எண் பகுதிக்குக் கீழே போகாது. அதற்கு மேலே இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது ஒன்றாவது இறங்கும். தரையைத் தொட்டதும் இறங்குவது நின்றுவிடும்.

இப்போது அந்தப் பெண்ணின் 99-க்கு வருவோம். அவள் வைத்திருந்த நிபந்தனை, "பழைய எண்ணும் புதிய எண்ணும் சமமானால் நிறுத்து". 99-இலேயே தொடங்கினால் 99, 50, 25, 14, 10, 9 என்று இறங்கும். 9 வந்ததும் 99-ஐ 9-ஆல் வகுத்தால் 11, சராசரி 10. பத்தால் வகுத்தால் ஈவு 9. கூட்டினால் 19, பாதி 9. மறுபடி 10, மறுபடி 9. இரண்டு எண்ணும் ஒருநாளும் சமமாகாது; ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

இது ஒரு வர்க்க எண்ணுக்கு ஒன்று குறைவான எண்களில் மட்டும் நடக்கும்: 3, 8, 15, 24, 35, 48, 63, 80, 99. நூறுக்குள் ஒன்பதே எண்கள். ஐந்தாறு எண்களைச் சும்மா போட்டுப் பார்த்தால் இது கண்ணில் படாமலே போய்விடலாம். 2 × 10^100 இந்த வகையா? அதோடு ஒன்றைக் கூட்டினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3. அப்படியானால் அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அது வர்க்க எண்ணாக இருக்க முடியாது. அதனால்தான் 2-க்கு ஒழுங்காக நின்றது.

திருத்தம் ஒரே ஓர் இடத்தில். சமமானால் நிறுத்து என்பதற்குப் பதில், குறையாவிட்டால் நிறுத்து.

```python
n = 2 * 10**100
x = 15 * 10**49
while True:
    y = (x + n // x) // 2
    if y >= x:
        break
    x = y
print(x)
```

`//` என்றால் ஈவை மட்டும் எடு என்று பொருள். தொடக்க எண் மூலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது இங்கே கட்டாயம். 1.5-க்குப் பதில் 1-இல் தொடங்கினால் முதல் சராசரியே மேலே தாவும். "குறையவில்லை" என்று புரோகிராம் உடனே நின்று, 1-ஐயும் ஐம்பது பூஜ்யத்தையும் விடையென்று நீட்டும். எது மேலே என்று தெரியாவிட்டால் `n`-இலேயே தொடங்குங்கள். சுற்று அதிகமாகும், விடை தப்பாது.

விடை: 141421356237309504880168872420969807856967187537694.

இதை நம்புவதற்கு என்னையோ புத்தகத்தையோ கேட்க வேண்டாம். இந்த எண்ணை வர்க்கப்படுத்துங்கள். 2 × 10^100-ஐ மீறக்கூடாது. ஒன்றைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். இப்போது மீற வேண்டும். இரண்டும் சரியென்றால் ஐம்பது இலக்கமும் சரி. முழு எண்ணில் போடுவதன் பெரிய லாபம் இதுதான். "ஏறக்குறைய" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்று மட்டும் கவனம். இது வெட்டிய விடை, முழுமையாக்கிய விடை அல்ல. அடுத்த இலக்கம் 8. முழுமையாக்கச் சொன்னால் கடைசி 4, 5 ஆகும். பரீட்சையில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

வழக்கம்போல வீட்டுக்கணக்கு உண்டு. கம்ப்யூட்டர் இல்லாமல், தாளில், 3-இன் வர்க்கமூலம் ஆறு தசம இலக்கத்துக்கு. பூஜ்யம் எத்தனை போடுவது என்று முதலில் யோசியுங்கள். தொடக்கம் 2 என்று வையுங்கள். எத்தனை சுற்றில் முடிந்தது என்பதையும், வர்க்கப்படுத்திச் சரிபார்த்த இரண்டு வரியையும் கீழே எழுதுங்கள். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான், தெரியுமல்லவா?