சார்ஜர்ல இருக்கற போனைத் தொட்டா விரல்ல எறும்பு ஊருதா?

லீவுக்கு வர்ற டவுன் சொந்தக்காரங்க எல்லாரும் எங்க வீட்ல ஒரு புகார் சொல்லுவாங்க. "என்ன மாமா, உங்க ஊரு கரண்டு போன்ல ஷாக் அடிக்குது? எங்க வீட்ல இப்படி இல்லையே!" சார்ஜர்ல கிடக்கற போனோட முதுகை விரல் நுனியால லேசாத் தடவினா ஒரு நமநமப்பு. இறுக்கிப் பிடிச்சா ஒண்ணும் தெரியாது. அதே போன், அதே சார்ஜர்தான் சென்னையிலயும் போடுறாங்க.

கரண்டு ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கு. அங்கே நாலாவது மாடி, டைல்ஸ் தரை, வீட்டுக்குள்ளயும் செருப்பு. இங்கே மண்ணு மேல போட்ட சிமெண்டுத் தரை, அதுவும் இப்பத்தான் கழுவி விட்டது, வெறுங்கால். கரண்டு போறதுக்கு எப்பவும் திரும்பி வர வழி வேணும். டிரான்ஸ்பார்மர்ல நியூட்ரலை பூமியோட சேர்த்திருக்காங்க. அதனால ஈரத்தரையில நிக்கிற ஆளு அந்தத் திரும்பற வழியில ஒரு கண்ணியா ஆயிடுறாரு.

சரி, சார்ஜர்ல இருந்து அந்தக் கரண்டு எப்படி வெளியே வருது? சார்ஜருக்குள்ள ஒரு பக்கம் 230 வோல்ட், இன்னொரு பக்கம் போனுக்குப் போற 5 வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல நேரடிச் சேர்க்கை கிடையாது. ஆனா ரேடியோ, டிவிக்கு இரைச்சல் வராம இருக்க, ரெண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் போடுவாங்க. வரப்பு எவ்வளவு நல்லாக் கட்டியிருந்தாலும் மேல் வயல் தண்ணி கீழ் வயலுக்குக் கொஞ்சம் கசியுமில்ல, அந்த மாதிரி இது வழியா கொஞ்சம் கரண்டு கசியும். ஒரு நானோஃபாரட் கெப்பாசிட்டர்னா சுமார் 0.07 மில்லியாம்பியர். இந்த மாதிரி ரெண்டு பின் சார்ஜருக்கு அனுமதிச்ச உச்ச அளவு 0.25. கைப்பிடியில கரண்டு பாயறது பெரும்பாலானவங்களுக்கு 0.5-க்கு மேலதான் தெரியும். பிடிச்ச கையை விட முடியாமப் போறது 10 மில்லியாம்பியர் பக்கத்துல. விரலைத் தடவும்போது மட்டும் தெரியறதுக்குக் காரணம், அந்த வோல்டேஜ் விநாடிக்கு 100 தடவை தோலை இழுத்து இழுத்து விடுது. அதுதான் அந்த நமநமப்பு.

சார்ஜர் மேல சதுரத்துக்குள்ள ஒரு சதுரம் போட்டிருக்கும், பாருங்க. 'எனக்கு எர்த் வேண்டாம், உள்ளே ரெட்டைப் பாதுகாப்பு இருக்கு'ன்னு அதுக்கு அர்த்தம். அதனால ரெண்டு பின் சார்ஜரோட லேசான நமநமப்பு வீட்டுக்கு எர்த் போட்டாலும் போகாது. செருப்புப் போட்டா போயிடும். அது ஆளைக் கொல்லாது.

ஆனா "எல்லாம் இப்படித்தான்"னு விட்டுடாதீங்க. போன மாசம் எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். பையன் போட்டோ ஏத்தறதுக்காக போனை பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டுச் சொருகினான். தொட்ட உடனே, "அப்பா, இது வேற மாதிரி சுருக்குன்னு குத்துது"ன்னான். அதே நேரத்துல சமையக்கட்டுல இருந்து அம்மா, "கிரைண்டரும் ரெண்டு நாளா கையில விறுவிறுங்குது கண்ணு"ன்னாங்க. போனும் கிரைண்டரும் ஒரே பாட்டுப் பாடினா பிரச்சனை சார்ஜர்ல இல்ல. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவர் மெயினைப் போட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே பக்கத்து சாக்கெட்ல மீட்டர் வெச்சாரு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த் ஓட்டைக்கும் 110. "ண்ணா, இது 2, 3 வோல்ட்தான் காட்டணும். உங்க எர்த் எங்கயோ அந்தரத்துல தொங்குதுங்ண்ணா"ன்னாரு. மூணு பின் கம்ப்யூட்டர்ல ஃபேஸ்ல இருந்து ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டையும் எர்த் ஒயர்ல சேர்த்திருப்பாங்க. எர்த் ஒயர் பூமிக்குப் போனா கசிவு அதுவழியா இறங்கிடும். போகலைன்னா அந்த ஒயர் பாதி வோல்டேஜ்ல நிக்கும்.

வீட்டுக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா, எர்த் குழிக்குப் போற ஜிஐ கம்பி மண்ணு மட்டத்துல துருப்பிடிச்சு அறுந்து கிடக்குது. இதுல பெரிய ஆபத்து கம்ப்யூட்டர் இல்ல. வீட்ல உள்ள மூணு பின் சாமான் எல்லாத்தோட எர்த் ஒயரும் உள்ளுக்குள்ள ஒண்ணாச் சேர்ந்திருக்கு. வெளியே பூமி மட்டும் இல்ல. இந்த நிலைமையில கிரைண்டர் மோட்டார்ல காயில் வெந்து ஃபேஸ் பாடியைத் தொட்டா, ஃப்ரிட்ஜ் கதவுலயும் 230 வோல்ட் வந்து நிக்கும். ஃபியூஸ் போகாது, ஏன்னா கரண்டு இறங்க வழியில்ல. வழி கெடைக்கறது தொடுற ஆளு மூலமா மட்டும்தான்.

அந்த இடத்துலயே 3 மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கம்பியை நட்டு போல்ட்டு வெச்சு முறுக்கினாரு. மறுபடி மீட்டர் வெச்சா 2 வோல்ட். கிரைண்டர் விறுவிறுப்பு நின்னுது. கூடவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒண்ணும் போட்டோம். கசிவு அந்த அளவைத் தொட்டா கண் சிமிட்டற நேரத்துல லைனை வெட்டிடும். எர்த் இல்லாத வீட்லயும் அது வேலை செய்யும், ஆனா அப்போ ஒரு ஆளு தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தா ஆளு தொடறதுக்கு முன்னாடியே விழுந்துடும்.

உங்க வீட்ல விரல் நமநமத்தா இப்படிப் பாருங்க. முதல்ல ஸ்விட்சை ஆஃப் பண்ணி, கை ஈரத்தைத் துடைச்சு, பிளக்கைப் பிடிச்சுக் கழட்டுங்க. போனுக்குச் செருப்புப் போட்டுக்கிட்டு, வேற நல்ல சார்ஜர் மாத்திப் பாருங்க. புது சார்ஜர்ல போயிடுச்சுன்னா பழசைத் தூக்கிப் போடுங்க. நல்ல சார்ஜர்ல அந்தக் கெப்பாசிட்டர் கெட்டுப்போனாலும் லைன் அறுந்துதான் போகும். மலிவு டூப்ளிகேட்ல சாதா கெப்பாசிட்டர் இருக்கலாம். அது ஷார்ட் ஆனா முழு 230-ம் கேபிள் நுனிக்கு வந்துடும். வாங்கும்போது ஐஎஸ் எண்ணும், ஆர்-னு தொடங்கற பதிவு எண்ணும் அச்சாகியிருக்கான்னு பாருங்க.

டெஸ்டரை போன் மேல வெச்சு எரியுதுன்னு பயப்படாதீங்க. நூல் மாதிரிக் கசிவுக்கே அது எரியும், அளவு சொல்லாது. ஆனா ஃப்ரிட்ஜ், கிரைண்டர், குழாய், எதுல நமநமத்தாலும் மெயினை ஆஃப் பண்ணி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

ஒண்ணு மட்டும் செய்ய விடாதீங்க. எர்த் இல்லாத சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்து, "சரியாயிடுச்சு சார்"ன்னு சில பேர் போயிடுவாங்க. என்னைக்காவது நியூட்ரல் அறுந்தா, அந்தச் சாமானோட பாடி முழுக்கக் கரண்டாயிடும்.

ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன் இருக்கும். நாங்க மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கறோம். சித்திரை, வைகாசியில பூமி காஞ்சா எர்த் குழியும் காஞ்சிடும். அதனால தென்னைக்குத் தண்ணி விடற அன்னைக்கு ரெண்டு குடம் அதுக்கும் ஊத்தறோம்.