கே.எல். சென்ட்ரலில் இறங்காதே, தம்பி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த கியூ.எஸ். தம்பியை, திங்கட்கிழமையிலிருந்து போர்ட் கிள்ளானில் உள்ள சைட் ஆபீசுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங். அவர் குடியிருப்பது வங்சா மாஜுவில், கார் கிடையாது. ஞாயிறு மாலை, ஆவணப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார்: “அக்கா, எந்த ரயில் எடுக்கணும்?”

அக்கா அந்தத் தடத்தில் பல வருடம் போய்வந்தவர். அவர் எழுதிய பதில் கைப்பேசித் திரையில் இரண்டு முறை விரல் தள்ளும் அளவுக்கு நீளம். முதல் வரியே தம்பியைக் குழப்பியது: “கே.எல். சென்ட்ரல்ல இறங்காதே. அப்துல்லா ஹுக்கும் போ.”

கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் கே.எல். சென்ட்ரலில் மாறு என்றுதான் சொல்வார்கள். எல்.ஆர்.டி., கொமுட்டர், இ.டி.எஸ்., விமான நிலைய ரயில் எல்லாம் அங்கே கூடுகின்றன. மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக நடக்க வேண்டும்; எம்.ஆர்.டி.க்கு முசியம் நெகாரா வரை ஒரு நடைபாதை இருக்கிறது. 2001இல் திறக்கப்பட்ட இந்த நிலையம், ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டாக இருந்த நிலத்தில் எழுந்தது. அந்த யார்டையும் பணிமனைகளையும் நம்பித்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். அந்த ஊரில் வேலை பார்க்கும் அக்காவே அந்த நிலையத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கொமுட்டரில் இரண்டு தடங்கள். ஒன்று தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளானுக்கு; மற்றொன்று பத்துமலையிலிருந்து புலாவ் செபாங்குக்கு. கே.எல். சென்ட்ரலில் இரண்டும் கீழ்த்தளத்து நடைமேடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து தெற்கே போனதும் பிரிந்துவிடுகின்றன. ஆக, அவசரத்தில் படி இறங்கி ஓடி, கதவு திறந்திருக்கும் வண்டியில் ஏறுகிறவர் சிரம்பான் பக்கம் போய்ச் சேரலாம். வண்டிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இதில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பத்துமலை வரை கொமுட்டர் நீட்டப்பட்டது 2010இல். அப்போது பத்துமலையிலிருந்து புறப்படும் வண்டி நேராகப் போர்ட் கிள்ளானுக்கே போனது. தைப்பூசத்துக்குக் கிள்ளானில் ஏறினால் கோயில் அடிவாரத்தில் இறங்கலாம். 2015 டிசம்பரில் தடங்களை மாற்றிக் கோத்தார்கள். பத்துமலை வண்டி புலாவ் செபாங் பக்கம் போய்விட்டது. பழைய பழக்கத்தில் இன்றும் சில மாமாக்கள், “பத்துமலையிலேர்ந்து வர்ற வண்டியில ஏறு, கிள்ளான் போகும்” என்று வழி சொல்கிறார்கள். அக்காவின் குறிப்பில் இதற்குத் தனி வரி: “யாராவது பத்துமலை வண்டின்னு சொன்னா கேட்டுக்காதே. போர்டுல Pelabuhan Klang இருக்கான்னு மட்டும் பாரு.” பலகைகளில் ‘போர்ட் கிள்ளான்’ என்று இருக்காது, மலாய்ப் பெயர்தான் இருக்கும்.

தம்பி ஏறப்போவது கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம். வங்சா மாஜு அதில் KJ3, கே.எல். சென்ட்ரல் KJ15. அங்கே இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அடுத்து பங்சார், அதற்கடுத்து KJ17, அப்துல்லா ஹுக்கும். அங்கே எல்.ஆர்.டி.யையும் கொமுட்டரையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கொமுட்டர் நிலையம் 2018இல்தான் திறந்தது. போர்ட் கிள்ளான் தடத்தில் கே.எல். சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் அதுதான். சிரம்பான் பக்கம் போகும் வண்டி அங்கே வராது. தப்பான தடத்து வண்டியில் ஏறவே முடியாது. திசையை மட்டும் பார்த்தால் போதும். கூட்டமும் குறைவு. ஒரே குறை, கே.எல். சென்ட்ரலில் ஏறியவர்கள் இருக்கைகளைப் பிடித்திருப்பார்கள்.

ஒருவேளை தம்பி கேட்காமல் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, தப்பான வண்டியில் ஏறிவிட்டால்? அதற்கும் குறிப்பில் வழி இருந்தது. அடுத்த நிலையம் அப்துல்லா ஹுக்கும் என்று அறிவித்தால் சரியான வண்டி. மிட் வேலி என்று வந்தால் தப்பு. பதறாமல் மிட் வேலியில் இறங்க வேண்டும். அந்தப் பேரங்காடிப் பக்கத்திலிருந்து கிள்ளான் ஆற்றைத் தாண்டி ஒரு நடைபாலம் போகிறது. அதன் மறுமுனை கே.எல். இக்கோ சிட்டி வழியாக அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் சேர்கிறது. திரும்பவும் கே.எல். சென்ட்ரலுக்குப் போக வேண்டியதில்லை. தவறவிட்ட வண்டிக்கு அடுத்ததை அங்கேயே பிடிக்கலாம்.

அடுத்தது கார்டு. தம்பியிடம் மாதம் ஐம்பது ரிங்கிட் மை50 பாஸ் இருக்கிறது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றுக்கும் அது செல்லும், கொமுட்டருக்குச் செல்லாது. கார்டு ஒன்றுதான், ஆனால் கொமுட்டர் கதவு பாஸைப் பார்க்காது, அதில் உள்ள டச் என் கோ பணத்தைத்தான் பார்க்கும். பாஸ் இருக்கிறதே என்று பல நாள் பணம் போடாதவர்களுக்கு வங்சா மாஜுவில் கதவு திறக்கும். அப்துல்லா ஹுக்குமில் திறக்காது. பின்னால் வரிசை நிற்க, வண்டி உள்ளே வரும் சத்தமும் கேட்கும். “ராத்திரியே பேலன்ஸ் பாரு, போகவர ரெண்டுக்கும் இருக்கணும்.” எல்.ஆர்.டி.யிலிருந்து கார்டைத் தட்டி வெளியே வந்து, கொமுட்டருக்கு மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும் என்பதையும் அக்கா விடவில்லை.

நேரக் கணக்குதான் குறிப்பின் நடுப்பகுதி. எல்.ஆர்.டி. காலையில் சில நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒன்றை விட்டால் அடுத்தது. கொமுட்டர் அப்படியில்லை. காலை நெரிசல் நேரத்தில்கூட அரை மணிக்கு ஒன்று என்ற அளவில்தான். அதற்குப் பிறகு இடைவெளி இன்னும் நீளும். அதனால் கணக்கை வீட்டிலிருந்து தொடங்கக் கூடாது, கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்பதுக்கு மீட்டிங். நிலையத்திலிருந்து நடந்து, பூட்சும் தொப்பியும் மாட்ட அரை மணி. எட்டரைக்குள் வண்டி கடைசி நிலையத்தில் நிற்க வேண்டும். அப்துல்லா ஹுக்குமிலிருந்து அங்கே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அப்படியென்றால் ஏழே கால் வண்டியே கடைசி வாய்ப்பு. ஆனால் அதைக் குறி வைக்கக் கூடாது என்கிறார் அக்கா. அதற்கு முந்திய வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் இந்த வண்டி கே.எல். சென்ட்ரலில் பிறப்பதல்ல. பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமிலிருந்து, ரவாங் வழியாக வருகிறது. அங்கே சிக்னலில் நின்ற பத்து நிமிடத்தையும் சுமந்துகொண்டுதான் வரும். பிறகு தண்டவாள மேம்பாட்டு வேலை நடக்கும் இடங்களில் மெதுவாக ஊரும். முந்திய வண்டி என்றால் ஆறே முக்கால் வாக்கில். வங்சா மாஜுவிலிருந்து அப்துல்லா ஹுக்குமுக்குக் கிட்டத்தட்ட அரை மணி. எல்.ஆர்.டி. தொடங்குவதே ஆறு மணியளவில். எனவே முதல் ஒன்றிரண்டு எல்.ஆர்.டி.யில் ஏறியாக வேண்டும். அதற்கு மேல் முன்கூட்டிப் புறப்பட வழியே இல்லை.

வண்டியின் துல்லியமான நிமிடத்தை அவர் எழுதவில்லை. “நேரப்பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும். ராத்திரி கே.டி.எம். பக்கத்துல பாரு. நான் சொல்றத நம்பாதே.”

தம்பி இடையில் ஒரு கெட்டிக்காரக் கேள்வி கேட்டார். கிளானா ஜெயா தடம் சுபாங் ஜெயா வரை போகிறதே, கொமுட்டரை விட்டுவிட்டால் எல்.ஆர்.டி.யிலேயே போய் அங்கே அதை மடக்க முடியாதா? வரைபடத்தில் முடியும்போலத்தான் தெரியும். 2016இல் நீட்டப்பட்ட பிறகு சுபாங் ஜெயா KJ28. கொமுட்டரில் அதுவே KD09. எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.க்குப் பதின்மூன்று நிறுத்தம். லெம்பா சுபாங், ஆரா டாமன்சாரா என்று சுற்றி வளைத்துப் போகிறது. கொமுட்டருக்கு ஒன்பதே நிறுத்தம். போன வண்டியை மடக்க முடியாது. ஆனால் கே.எல். சென்ட்ரலுக்கும் சுபாங்குக்கும் நடுவே கொமுட்டர் நின்றுபோன நாளில் அந்தச் சுற்றுப்பாதை உயிர் காக்கும். அடைப்பைத் தாண்டிப் போய் மறுபக்கம் ஏறலாம்.

வண்டியில் ஏறியபின் செய்ய ஒன்றுமில்லை, ஏறும்போது கவனிக்க மட்டும் ஒன்று உண்டு. நடுப்பெட்டிகளில் இளஞ்சிவப்பு ஒட்டி இருந்தால் அது பெண்களுக்கானது; 2010இலிருந்து இந்த ஏற்பாடு. ஓடிவந்து ஏறும் ஆண்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தம்பி நடைமேடையின் முனைக்கு நடந்துவிடட்டும்.

பந்தாய் டாலாம், பெட்டாலிங், ஸ்தியா ஜெயா என்று வீடுகளின் பின்புறம் பார்த்தபடி வண்டி போகும். சுபாங் ஜெயாவுக்குப் பிறகு பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா. இரண்டு பக்கமும் தொழிற்சாலைக் கூரைகள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கியபோது இந்தத் தடத்தில் சேவை தடைபட்டது. மழைக்காலத்தில் முந்திய இரவு அறிவிப்பைப் பார்ப்பதும் பேலன்ஸ் பார்ப்பதுபோல ஒரு வேலைதான்.

கிள்ளானில் பெட்டி பாதி காலியாகும். தெங்கு கிளானா சாலை, அதாவது கிள்ளானின் லிட்டில் இந்தியா, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். புதிதாகப் போகிறவர்கள் கும்பலோடு சேர்ந்து இங்கே இறங்கிவிடுவதுண்டு. சிலாங்கூரின் முதல் ரயில்கூட ஏறக்குறைய இங்கேதான் நின்றுபோனது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து வெள்ளீயம் ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கிய வண்டிக்கு, ஆற்றின் கோலாலம்பூர்ப் பக்கக் கரையில் இருந்த புக்கிட் கூடாதான் கடைசி. பாலம் கட்டி 1890இல் கிள்ளானுக்கு வந்தார்கள். ஆழக்கடலை ஒட்டிய புதுத் துறைமுகத்துக்குத் தண்டவாளம் எட்டியது அதற்கும் ஒன்பது வருடம் கழித்துத்தான். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901இல் திறந்த அந்தத் துறைமுகத்தில் மலேரியா தாக்கியதால், இரண்டு மாதத்துக்குள் மூட வேண்டி வந்தது. சதுப்பை வடித்துத்தான் மீட்டார்கள். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த எத்தனையோ பேர் கால் வைத்த கரை அது.

கிள்ளானுக்குப் பிறகு இன்னும் ஐந்து நிலையங்கள்: தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் காஸ்தாம், கடைசியாகப் பெலாபுஹான் கிள்ளான். பெட்டியில் ஆள் இல்லை என்று சந்தேகப்பட்டு இறங்கிவிடக் கூடாது. KD19 வரும்வரை உட்கார வேண்டும்.

திங்கள் காலை எட்டே காலுக்குத் தம்பி ஒரு படம் அனுப்பினார். புலாவ் கெத்தாம் போகும் படகுத்துறை, பின்னால் பாரந்தூக்கிகள். கீழே ஒரு வரி: “வந்துட்டேன்கா. ஆனா கே.எல். சென்ட்ரல்லதான் இறங்கினேன், சீட் வேணும்ல.” அக்கா அலுவலகத்துக்கு வரும் வழியில் அதைப் படித்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: “திரும்பி வர கார்டுல காசு இருக்கா?”