விசர்க் கதை

எங்கள் பகுதியில் அதிகம் செலவாகும் சொற்களில் ஒன்று "விசர்". கணக்கு விளங்காத பிள்ளை விசரி. பிழையான பக்கத்தால் முந்திச் செல்லும் ஓட்டோக்காரன் விசரன். நம்ப முடியாத ஒன்றை யாராவது சொன்னால், "விசர்க் கதை கதையாத" என்று வாயை மூடிவிடுகிறோம். தெருவில் கடிக்க வரும் நோய்பிடித்த நாய்க்கும் இதே சொல்தான். அந்த நாய் கடித்தால் போடும் ஊசிக்கும் விசர்நாய்க்கடி ஊசி என்றுதான் பெயர். இவை போதாதென்று "லூசு", "மெண்டல்", "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்று வேறு பல இருக்கின்றன. அங்கொடை என்பது கொழும்புக்கு அருகில் உள்ள ஓர் ஊர். அங்கே இருக்கும் மனநல வைத்தியசாலைக்கு இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். ஆனாலும் நம் வாயில் அந்த ஊரின் பெயரே ஒரு வசையாக நிலைத்துவிட்டது.

"சும்மா பகிடிக்குச் சொல்றதுதானே, யாரும் மனதில் வைத்துச் சொல்வதில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. அது உண்மைதான். என் வகுப்புத் தோழி என்னை விசரி என்று சொன்னால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். அந்தச் சொல் என்னில் ஒட்டாது. ஐந்து நிமிடத்தில் அவளே என்னிடம் உயிரியல் கொப்பி கேட்டு வருவாள். ஆனால் அதே சொல் ஒருவரில் ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நான் என் சாச்சியின் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

சாச்சிக்கு இருமுனை மனநிலைக் கோளாறு என்ற நோய் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் அது தொடங்கியது. ஒரு காலத்தில் நாட்கணக்கில் தூக்கம் வராது. தூங்காத களைப்பும் தெரியாது. பேச்சு வேகமாகும், திட்டங்கள் பெரிதாகும், கையில் உள்ள காசெல்லாம் செலவாகும். இன்னொரு காலத்தில் கட்டிலை விட்டு எழும்பவே மனம் வராது. இந்த இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக, அவர் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். தையல் தைப்பார், கணக்கு வழக்குப் பார்ப்பார், பெருநாளைக்கு எங்கள் எல்லோருக்கும் வட்டிலப்பம் அவிப்பார். இப்படி நல்ல நாட்கள் நீண்டிருப்பதற்குக் காரணம், அவர் நாள் தவறாமல் குடிக்கும் இலிதிய மாத்திரைகள்.

இலிதியம் என்றால் ஆவர்த்தன அட்டவணையில் மூன்றாவதாக நாம் படிக்கும் அதே மூலகம்தான். மருந்தாகத் தருவது அதன் உப்பை. நல்ல மருந்து, ஆனால் கவனமாகக் கையாள வேண்டியது. குருதியில் அதன் அளவு ஒரு லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பொதுவாக வைத்தியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே போனால் பலன் குறையும். மிக மேலே போனால் அதுவே நஞ்சாகிவிடும். அதனால்தான் சாச்சி குறித்த காலத்துக்கு ஒரு முறை, இரவு மாத்திரை குடித்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, காலையில் இரத்தம் எடுக்கப் போவார். அளவு சரியாக இருக்கும்போதும் இந்த மருந்து சிலருக்கு விரல்களில் ஒரு சிறு நடுக்கத்தைத் தரும். தாகமும் கூடும். சாச்சி தேநீர்க் கோப்பையை நீட்டும்போது அது பீரிசில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்கும்.

ஊர் பார்த்தது அந்தக் கையைத்தான். கலியாண வீடுகளில் சாச்சி எழும்பிப் போனதும், அவர் கோப்பை பிடிக்கும் விதத்தைச் செய்து காட்டிச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். நோயின் அடையாளம் என்று நினைத்து அவர்கள் சிரித்தது, அவர் ஒழுங்காக மருந்து குடிக்கிறார் என்பதற்கான அடையாளத்தைப் பார்த்து. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தினால் கை நடுங்காது, பகிடியும் நின்றுவிடும். ஆனால் நோய் திரும்பி வரும். சாச்சி இரண்டு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறார். இரண்டு தடவையும் வாட்டில் தங்கவேண்டி வந்தது. இன்றும் கிளினிக் போகும் நாளில் பக்கத்து வீட்டார் கேட்டால் "பிரஷருக்கு மருந்து எடுக்கப் போறன்" என்றுதான் சொல்வார். பிரஷர் என்றால் யாரும் சிரிப்பதில்லை.

ஒரு நோன்பு காலத்தில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடலில் நீர் குறைந்தால் இலிதியத்தின் அளவு ஏறக்கூடும் என்பதால், அளவு இன்னும் நிலைப்படவில்லை, இந்த வருடம் நோன்பு பிடிக்கவேண்டாம் என்று டொக்டர் சாச்சியிடம் சொல்லியிருந்தார். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. ஆனால் வீட்டுக்கு வந்த ஓர் உறவுக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, "விசருக்கு நோன்பு கடமையில்லத்தானே" என்றார். சாச்சி ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். நோயாளி மீது நோன்பு கடமைதான், நோய்க்காகத்தான் அவருக்குச் சலுகை. அறிவே இல்லாதவர் மீதுதான் அது கடமையே இல்லை. அந்த ஒரு வரிப் பகிடி, சாச்சியை முதலாவது கூட்டத்திலிருந்து எடுத்து இரண்டாவது கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. சலுகை பெற்ற ஒரு முஸ்லிம் பெண், ஒரு நொடியில், கேள்வி கணக்கே இல்லாத ஒருத்தி ஆனார்.

இந்தச் சொல்லின் காயம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். "நொண்டி" என்பது ஒருவரின் காலைப் பழிக்கிறது. "செவிடு" என்பது காதைப் பழிக்கிறது. அவையும் கொடுமையானவைதான். ஆனால் "விசர்" என்பது ஒருவரின் பேச்சையே செல்லாக்காசாக்குகிறது. இவர் சொல்வதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை, கேட்கவும் தேவையில்லை என்பதுதான் "விசர்க் கதை" என்பதன் பொருள். அப்படிப் பழகிய காது, ஆபத்தான நேரத்திலும் கேட்பதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் சாச்சிக்கு வயிற்றோட்டம் வந்தது. அந்தக் கிழமை ஊரில் பலருக்கும் இருந்தது. மற்றவர்கள் ஜீவனி கரைத்துக் குடித்து இரண்டு நாளில் எழும்பிவிட்டார்கள். சாச்சியின் உடலிலோ வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் இலிதியத்தைக் கிட்டத்தட்ட சோடியத்தைப் போலவே நடத்தும். உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறும்போது, சிறுநீரகம் சோடியத்தை இழக்காமல் இழுத்து வைக்கப் பார்க்கிறது. அதோடு சேர்த்து இலிதியத்தையும் இழுத்து வைத்துவிடுகிறது. குடிப்பது அதே மாத்திரைதான், ஆனால் குருதியில் அளவு ஏறிக்கொண்டே போகும்.

முதல் நாள் மாலை கை நடுக்கம் பெரிதானது. கோப்பை தட்டும் சத்தமல்ல, கோப்பையே கையில் நிற்கவில்லை. பிறகு வாந்தி வந்தது, நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. சாச்சிக்கு என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது. கிளினிக்கில் இவற்றையெல்லாம் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "எனக்கு ஏலாம இரிக்கி. மருந்து கூடிட்டு போல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அவர் அன்றிரவே சொன்னார். வீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டது குழறிய பேச்சு, தெரிந்தது தள்ளாடும் நடை. "திரும்பத் தொடங்கிட்டு" என்று ஒருவர் சொன்னார். "அவட கதைய விடுங்க, மாத்திரையக் குடுத்துப் படுக்க வைங்க" என்றார் இன்னொருவர். அன்றிரவும், அடுத்த நாளும் மாத்திரை கொடுத்தார்கள். நஞ்சாகிக்கொண்டிருந்த அதே மாத்திரையை, அன்போடுதான் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை உம்மா அங்கே போனார். சாச்சி அரைக் கண் மூடிக் கிடந்தார். உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராவைக்குத் தூங்கினயா?" தூங்கினேன், தூக்கமாகவே வருகிறது என்று சாச்சி தலையசைத்தார். உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சாச்சியின் நோய் ஏறும்போது தூக்கம் வராது. அதைவிட, நோய் ஏறியிருக்கும்போது அவர் ஒரு நாளும் தனக்குச் சுகமில்லை என்று சொன்னதில்லை. "நான் நல்லாத்தான் இரிக்கன்" என்றே சண்டை பிடிப்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்கும் மனிதரில் அந்தக் குறி எதுவும் இல்லை. உடனே ஓட்டோ பிடித்தார்கள். குருதியில் இலிதியம் 2.1 இருந்தது. மருந்தை நிறுத்தி, சேலைன் ஏற்றி, மீண்டும் மீண்டும் இரத்தம் சோதித்தார்கள். ஆறாம் நாள் சாச்சி வீட்டுக்கு வந்தார். இப்படி அளவு ஏறினால் சிறுநீரகமோ மூளையோ நிரந்தரமாகப் பாதிக்கப்படவும் கூடும். அல்லாஹ்வின் உதவியால் சாச்சிக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

சாச்சி சொல்வது எல்லாமே எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நோய் ஏறியிருந்த மாதங்களில் அவர் சொன்ன பலவற்றை நம்பியிருந்தால் வீட்டையே விற்றிருக்க வேண்டும். மனநோய் ஒருவரின் தீர்மானத்தைச் சில காலத்துக்குக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது எந்தக் காலம் என்று அறிய வழி இருக்கிறது. தூக்கத்தைப் பார்க்கலாம், பேச்சின் வேகத்தைப் பார்க்கலாம், அவரிடமே கேட்கலாம். "விசர்" என்ற ஒற்றைச் சொல்லோ இந்தக் கேள்விகள் எதையும் கேட்க விடாமல், எல்லாக் காலத்துக்கும் ஒரே பதிலைக் கொடுத்துவிடுகிறது.

அந்தக் காய்ச்சல் காலமெல்லாம் கடந்த பிறகு ஒரு நாள் சாச்சியிடம், எந்தப் பேச்சு அதிகம் நோகும் என்று கேட்டேன். கையைச் செய்து காட்டியவர்களைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கையப் பார்த்துச் சிரிச்சாப் பரவாயில்ல மகள். நான் வாயைத் திறக்கக்குள்ள ஆள ஆள் பார்ப்பாங்களே, அதுதான்" என்றார்.

நாம் ஒருவரையொருவர் விசரி என்று அழைக்கும் வகுப்பறையில், வீட்டில் ஒரு சாச்சி இருக்கும் பிள்ளை யாரென்று நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை சொல்லவும் மாட்டாள். தானே ஒரு நாள் தூக்கம் இல்லாமல் தவித்தாலும், அதற்குப் பெயராக அவளிடம் இருப்பது நாம் வசையாக்கி வைத்திருக்கும் அந்தச் சொல் மட்டும்தான். தன் நோயைத் தானே எப்படி அந்தப் பெயரால் சொல்லுவாள்? கோபம் வந்தால் கோபம் என்று சொல்லலாம். ஒரு கருத்துப் பிழையென்றால் எங்கே பிழை என்று சொல்லலாம். அதற்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

சாச்சி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இப்போது உம்மாவின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வயிற்றோட்டம், வாந்தி, கடும் காய்ச்சல் எது வந்தாலும் அன்றே கிளினிக்கில் கேட்கவேண்டும். கேட்காமல் அடுத்த இலிதிய மாத்திரை கொடுக்கக்கூடாது. கை நடுக்கம் பெரிதானாலோ நாக்குக் குழறினாலோ நேரே ஆஸ்பத்திரி. கடைசி வரியைச் சாச்சி சொல்ல உம்மா எழுதியிருக்கிறார்: "ஏலாது எண்டு நான் சொன்னா, ஏலாது எண்டுதான் அர்த்தம்."