செல்போன் கவருக்குள் தகடும் ஏடிஎம் கார்டும்



வயர்லெஸ் சார்ஜர் வாங்கிய பிள்ளைகள் சிலர், "போன் கொதிக்குது டீச்சர், சார்ஜ் மட்டும் ஏறல" என்கிறார்கள். போனைக் குறை சொல்லும் முன் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கன்னிவாடியில் வீட்டுக்கு வந்திருந்தான். "ராத்திரி பூரா வச்சாலும் பாதி தாண்டல டீச்சர். பேட்டரி மாத்தணும்னு கடையில சொல்றாங்க" என்றான். கவரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வட்டமாக ஓர் இரும்புத் தகடு. வேன் டேஷ்போர்டில் இருக்கும் காந்த ஸ்டாண்டில் போன் ஒட்டி நிற்பதற்காக வைத்தது. அதன் மேல் ஏடிஎம் கார்டு. கார்டுக்குப் பின்னால், அவன் அம்மா கோயிலிலிருந்து வாங்கி வந்த செப்புத் தகடு. கவரா, அஞ்சறைப்பெட்டியா என்று கேட்டேன்.

சார்ஜர் தட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. போனின் முதுகுக்குள் இன்னொன்று. தட்டில் உள்ள சுருளில் மின்சாரம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், போனில் உள்ள சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

இரண்டு சுருளுக்கும் நடுவில் உலோகம் வந்தால் அந்தக் காந்தப்புலம் உலோகத்திலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். போனுக்குப் போக வேண்டிய சக்தி அங்கே சூடாகிப் போய்விடும். உங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதனால்தான். அடுப்பு சூடாவதில்லை, பாத்திரம்தான் சூடாகிறது. இங்கே பாத்திரத்தின் இடத்தில் தகடு, அதை ஒட்டியே பேட்டரி.

"செம்புல காந்தம் ஒட்டாதே, அது என்ன பண்ணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. காந்தம் ஒட்ட வேண்டும் என்ற அவசியமே இல்லை. மின்சாரம் பாயும் உலோகம் எதுவானாலும் சுழல் மின்னோட்டம் வரும். செம்பு, அலுமினியம், நாணயம் எல்லாம் இதில் சேர்த்தி.

நல்ல சார்ஜர் இதைக் கண்டுபிடித்துவிடும். தனக்கு எவ்வளவு சக்தி வந்தது என்று போன் அடிக்கடி சார்ஜருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அனுப்பியதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் அதிகமானால், நடுவில் ஏதோ இருக்கிறது என்று சார்ஜர் நிறுத்திவிடும். விளக்கு மினுக்குவது பெரும்பாலும் இதனால்தான். தகடு பெரிதாக இருந்தால் போன் சொல்வதே சார்ஜருக்குக் கேட்காது. சார்ஜ் தொடங்கவே தொடங்காது. இழப்பு கொஞ்சமாக இருந்தாலோ, மலிவு சார்ஜராக இருந்தாலோதான் வம்பு. நிறுத்தாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சூடு ஏறியதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். அவனுக்கு ராத்திரி முழுக்க நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு சார்ஜர் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கவரோடு அதில் வைத்தோம். அரை மணியில் 14 சதவீதம் ஏறியது; கை பொறுக்கும் வெதுவெதுப்புதான். செப்புத் தகட்டை மட்டும் உள்ளே வைத்ததும் கொஞ்ச நேரத்தில் விளக்கு மினுக்கி நின்றுவிட்டது. இரும்புத் தகட்டை வைத்தபோது சார்ஜ் தொடங்கவே இல்லை. பேட்டரி மாற்றும் செலவு மிச்சம். நீங்களும் இப்படி ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். சூடு தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஏடிஎம் கார்டை மட்டும் சோதனைக்கு வைக்க நான் விடவில்லை. தட்டினாலே பணம் போகும் கார்டில், வைஃபை மாதிரி வளைகோடுகள் போட்டிருக்குமே, அதற்குள் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள் ஓடுகிறது. கடை மெஷின் தரும் சின்னக் காந்தப்புலத்துக்காக அமைத்த சுருள் அது. சார்ஜரின் பலமான புலத்தில் வைத்தால் சிப் கெட்டுப்போகலாம். புதிய பாஸ்போர்ட்டிலும் சில ஆபீஸ் அடையாள அட்டைகளிலும் இதே மாதிரி சிப் உண்டு. கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டைக்கு ஸ்டாண்டின் காந்தமும் ஆகாது.

வயரில் சார்ஜ் போடும்போது இந்தத் தகடு எதையும் தடுக்காது. அதனால் அவன் இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு வேனில் வயர் போடுகிறான். வீட்டில் தட்டில் வைக்கும்போது கவரைக் கழற்றிவிடுகிறான். கார்டு பர்ஸுக்குப் போய்விட்டது. அம்மா கொடுத்த செப்புத் தகடு வேனில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

தினமும் கழற்றி மாட்ட அலுப்பாக இருப்பவர்கள், உங்கள் போனுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு, நடுவில் காலியாக இருக்கும் காந்த வளையம் வைத்த கவர் வாங்கலாம். வளையம் சுருளைச் சுற்றி நிற்கும், மறைக்காது. நடுவிலும் முழுத் தகடாக மூடியிருந்தால் வாங்க வேண்டாம்.