வெர்பலுக்கு எவ்வளவு, குவான்ட்டுக்கு எவ்வளவு?

திருநெல்வேலியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் அந்த மாணவிக்கு ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் பத்து வாரம்தான் இருந்தது. கட்டணம் அப்பாவின் சேமிப்பிலிருந்து கட்டியது. இன்னொரு முறை எழுத வழியில்லை. மாதிரித் தேர்வில் குவான்ட் 158, வெர்பல் 147. தினமும் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தையும் வெர்பலுக்கே கொடுத்துவிட முடிவெடுத்தாள்.

சீனியர் அக்கா தடுத்தார். "ரெண்டுக்கும் உச்சம் 170தான். ஆனா வெர்பல்ல 160 எடுத்தா நல்ல இடம்; குவான்ட்ல 160 ஏறக்குறைய நடுவுலதான் நிக்கும். இன்ஜினீயரிங் துறையில முதல்ல குவான்ட்டைத்தான் பார்ப்பாங்க. உன் தப்புகளை எடுத்துப் பாரு."

குவான்ட்டின் 27 கேள்விகளில் எட்டு தவறு. நேரக் கணக்கில்லாமல் மறுபடி போட்டதில் ஐந்து சரியாக வந்தன. பெரும்பாலும் ஒப்பீட்டுக் கேள்விகள். x², x இரண்டில் எது பெரிது என்றதற்கு x² என்று குறித்திருந்தாள். x = 1/2 என்றால் x அல்லவா பெரிது? 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. இந்த வகைத் தவறு சில வாரப் பயிற்சியில் போய்விடும். வெர்பல் அப்படியல்ல, சொல்வளமும் வாசிப்பும் மெதுவாகத்தான் ஏறும், இடையில் விட்டால் மறக்கும்.

அதனால் வெர்பலுக்கு முதல் நாளிலிருந்தே தினமும் 45 நிமிடம்; மீதி 75 நிமிடம் குவான்ட்டுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு. ஆறாவது வாரம் 'தெரிந்தும் தவறியவை' ஐந்திலிருந்து ஒன்றானது. அன்றே குவான்ட்டிலிருந்து அரை மணி நேரத்தை எடுத்து வாசிப்புக்கு மாற்றினாள்.