டோயிங் வண்டி வரலையா? நேரத்தைக் குறிச்சு வைங்க

கார் இன்சூரன்ஸோட 'ரோடுசைடு அசிஸ்டன்ஸ்' சேர்த்து வாங்கியிருந்தார் அப்பா. நடுவழியில் வண்டி நின்றால் 50 கிலோமீட்டர் வரை இலவசமா இழுத்துட்டுப் போவாங்க என்பது வாக்குறுதி. திண்டிவனம் தாண்டி கூலன்ட் ஹோஸ் வெடித்தது. அதோட ஓட்டினால் இன்ஜின் போயிடும். வண்டியில் அம்மாவும் பாட்டியும். அன்னிக்கு என் போனில் இருந்ததை அப்படியே தர்றேன்:

மாலை 6:40 – முதல் கால். ஒரு மணி நேரத்தில் வரும் என்றார்கள். எஸ்.எம்.எஸ்ஸில் புகார் எண்.
7:50 – இரண்டாவது கால். 'டிரைவர் கிளம்பிட்டார் சார்.'
8:35 – டிராக்கிங் லிங்கில் வண்டி கிளம்பின இடத்திலேயே நிக்குது. ஸ்கிரீன்ஷாட்.
9:15 – நாங்களே ஏற்பாடு பண்ணலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.
9:22 – அதையே மெயிலில் எழுதி அனுப்பினேன்.
10:05 – தனியார் டோயிங் வண்டி வந்தது.

இதில் உயிர்நாடி 9:22 தான். 'முன் அனுமதி இல்லாமல் நீங்களே செய்த செலவு தர மாட்டோம்' என்பது இந்த மாதிரித் திட்டங்களில் வழக்கமா இருக்கும் நிபந்தனை. போனில் சொன்ன 'சரி'யை நாம நிரூபிக்க முடியாது. மெயிலைக் காட்டலாம்.

அடுத்தது ரசீது. யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட் பணம் போனதை மட்டும்தான் சொல்லும், எதுக்குன்னு சொல்லாது. அதனால டோயிங்காரரிடம் வண்டி எண், எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், தேதி, நேரம் எல்லாம் எழுதி பில் வாங்கினேன். விழுப்புரம் ஒர்க்‌ஷாப் வரை 4,000 ரூபாய். அம்மாவும் பாட்டியும் போன டாக்ஸிக்கு 1,200.

புகாரை ஒரே பக்கத்தில் எழுதி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினோம். கோபத்தைக் கொட்டலை. ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்தில் அதுக்குக் காரணமான நேரத்தைப் போட்டோம். அவங்க பதில் சொல்ல இரண்டு வாரம் விதிமுறைப்படி அவகாசம். 11-ஆம் நாள் 4,000 வந்துடுச்சு. டாக்ஸி மட்டும் 'திட்டத்தில் இல்லை' என்று மறுத்தார்கள். பாலிசிப் புத்தகத்திலும் டாக்ஸி இல்லைதான். ஆனா வண்டி 7:40-க்கு வந்திருந்தா, பாட்டியை அந்த இருட்டில் டாக்ஸியில் அனுப்பியிருக்க மாட்டோம் என்பது எங்க வாதம்.

பதில் திருப்தி இல்லைன்னாலோ, ஒரு மாசம் பதிலே வரலைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுத்து பதில் வந்ததில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போகணும். 1,200 ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்காதீங்க. அப்பா விண்ணப்பத்தை நிரப்பிக்கிட்டு இருக்கார். மேலே இருக்கும் ஆறு வரிகள்தான் அதோட முதல் இணைப்பு.